மூளைக்குள் இருக்கும் உம்மா

ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில் மூளையை மூடியிருக்கும் சவ்வுகளின் பெயர்களை மனனம் செய்தோம். வெளியே தடித்தது டியூரா மேட்டர், உள்ளே மெல்லியது பயா மேட்டர். மேட்டர் என்றால் லத்தீனில் தாய். சவ்வு எப்படித் தாயானது என்று நாங்கள் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கும் அப்படியே படிப்பித்தோம்.

விடை அரபியில் இருக்கிறது. கிரேக்க வைத்தியர்கள் அதைச் சவ்வு என்றுதான் சொன்னார்கள். அரபியில் எழுதியவர்களே அதை 'உம்மு', மூளையின் தாய் என்றார்கள். மக்காவை உம்முல் குரா என்கிறோமே, அதே உம்மு.

10ஆம் நூற்றாண்டில் அல்-மஜூசி அரபியில் எழுதிய பெரிய வைத்திய நூலை, அடுத்த நூற்றாண்டில் கொன்ஸ்டன்டைன் என்பவர் இத்தாலியின் மொன்டே கசினோ மடத்தில் லத்தீனாக்கினார். எழுதியவரின் பெயரை மட்டும் விட்டுவிட்டார். 1127இல் அந்தியோக்கியாவில் ஸ்டீபன் என்பவர் அதே நூலை மூல ஆசிரியரின் பெயரோடு மீண்டும் மொழிபெயர்த்தார்.

இத்தகைய மொழிபெயர்ப்புகளில்தான் உம்மு சொல்லுக்குச் சொல் 'மேட்டர்' ஆனது. கடினமானதைக் குறித்த 'ஜாஃபியா', டியூரா ஆனது. அது சரி. ஆனால் 'ரகீகா' என்றால் மெல்லியது. இளகியது என்றும் பொருள்படும். லத்தீனில் அதற்கு வந்த சொல் 'பயா'. அதன் பொருள் பக்தியும் பாசமும் உள்ளவள். மெல்லிய சவ்வு பக்தியுள்ள தாயாகிவிட்டது.

தமிழில் இவற்றை வன்றாயி, மென்றாயி என்றும் சொல்வதுண்டு. லத்தீனில் தொலைந்த 'மெல்லிய' என்ற பொருள் தமிழில் திரும்பி வந்திருக்கிறது. இப்போது அந்தப் பாடத்தை நாங்கள் உம்மாவில் இருந்துதான் தொடங்குகிறோம்.