52ஆவது நிமிடம்

வீடு வாங்கும் பத்திரத்தில் கையெழுத்துப் போட வந்தவர், தன் மகனையும் கூட்டி வந்திருந்தார். லண்டனில் என் அலுவலகத்துக்கு இப்படி ஒரு வேலையோடு இன்னொரு வேலையும் சேர்ந்து வருவது வழக்கம். மகன் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை பார்ப்பவன். "அண்ணா, பெட்டிங் சைட்காரர் என்ர காசைத் தரமாட்டன் எண்டு சொல்லிட்டினம்" என்றான். அப்பா சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

விஷயம் இதுதான். ஒரு கால்பந்தாட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, பின்தங்கியிருந்த வெளியூர் அணி வெல்லும் என்று 60 பவுண் கட்டியிருக்கிறான். திரையில் காட்டிய ஓட்ஸ் 13. அந்த அணி வென்றது. 780 பவுண் வரவேண்டிய இடத்தில் கணக்கில் ஏறியது 300. உள்ளூர் அணி வீரர் ஒருவர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறிய பிறகுதான் பந்தயம் வந்தது, அப்போது ஓட்ஸ் 5 ஆக இருந்திருக்கவேண்டும், பழைய ஓட்ஸ் தவறுதலாகத் திரையில் நின்றுவிட்டது என்பது நிறுவனத்தின் பதில். வெளிப்படையான பிழை நேர்ந்தால் சரியான ஓட்ஸில் கணக்கு முடிக்கலாம் என்று அவர்கள் விதியிலேயே இருந்தது. விதியில் எனக்குக் குறையில்லை. அது இந்தப் பந்தயத்துக்குப் பொருந்துமா என்பதுதான் கேள்வி.

பையன் அரட்டைப் பெட்டியில் பல இரவுகள் சண்டை போட்டிருந்தான். ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவர் வந்து அதே விதியை ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். முதலில் அவர்களுடைய புகார் நடைமுறைப்படி முறையான புகார் ஒன்றை எழுதவைத்தேன். பிரிட்டனில் உரிமம் பெற்ற பந்தய நிறுவனம் இறுதிப் பதிலை 8 வாரத்துக்குள் தரவேண்டும். தீராவிட்டால் எந்தச் சுயாதீன அமைப்பிடம் போகலாம் என்பதையும் சொல்லவேண்டும். நிறுவனம் உண்மையில் உரிமம் பெற்றதுதானா என்று சூதாட்ட ஆணையத்தின் பொதுப் பதிவேட்டில் பார்த்துக்கொண்டேன். வெளிநாட்டு உரிமத்தை மட்டும் காட்டும் தளமாக இருந்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

இறுதிப் பதிலும் மறுப்பாகவே வந்தது. ஆனால் அதில் ஒரு புதிய வரி இருந்தது: "பந்தயம் ஏற்கப்பட்டது 4.11க்கு, சிவப்பு அட்டை 52ஆவது நிமிடத்தில், அதாவது 4.10க்கு முன்." அந்த "அதாவது" எனக்கு உறுத்தியது. ஆட்டம் 3 மணிக்குத் தொடங்கி, முதல் பாதி 45 நிமிடமும் கூடுதலாக 3 நிமிடமும் ஓடி, 15 நிமிட இடைவேளை விட்டால், இரண்டாம் பாதி 4.03க்குத் தொடங்கும். அந்தக் கணக்கில் 52ஆவது நிமிடம் 4.09க்கும் 4.10க்கும் நடுவில்தான். ஆனால் மறுநாள் பத்திரிகையின் ஆட்டச் செய்தியில், பார்வையாளர்கள் உள்ளே வரத் தாமதமானதால் ஆட்டம் 4 நிமிடம் பிந்தித் தொடங்கியதாக ஒரு வரி இருந்தது. அப்படியென்றால் அட்டை காட்டப்பட்டது 4.13க்குப் பிறகு. பையன் அதற்கு முன்பே கட்டிவிட்டான். பதில் எழுதியவர் அட்டவணையைப் பார்த்து நேரத்தைக் கூட்டியிருக்கிறார்.

நிறுவனம் காட்டிய அமைப்பு ஐபாஸ், அதாவது பந்தயத் தகராறுகளைத் தீர்க்கும் சுயாதீன நடுவர் சேவை. பந்தயம் கட்டியவர் அதற்குக் கட்டணம் தரவேண்டியதில்லை. நேரில் விசாரணையும் கிடையாது, இரு தரப்பும் எழுதிக் கொடுப்பதை வைத்துத்தான் முடிவு. அதனால் கோபத்தை எல்லாம் வெட்டினேன். "நாலு தரம் அவமானப்படுத்தினவங்கள், அதையும் போடுங்கோ அண்ணா" என்றான் பையன். போடவில்லை. பந்தயச் சீட்டு எண், நேரம் தெரியும் திரைப்பிடிப்பு, பத்திரிகைச் செய்தி, இறுதிப் பதில் ஆகியவற்றோடு ஒரே ஒரு கோரிக்கை வைத்தோம்: அந்த ஆட்டத்துக்கான பந்தயம் எந்த நொடியில் நிறுத்திவைக்கப்பட்டது என்ற பதிவை நிறுவனம் காட்டட்டும். சிவப்பு அட்டை விழுந்தால் புதிய ஓட்ஸ் போடும்வரை பந்தயத்தை நிறுத்துவது அவர்கள் வழக்கம். அந்தப் பதிவு அவர்களிடம் மட்டுமே இருக்கும்.

பதிவு வந்தது. நிறுத்தியது 4.13 தாண்டி 40 நொடியில். பையன் கட்டும்போது 13 என்பதே உண்மையான ஓட்ஸ். மீதி 480 பவுணையும் தரச்சொல்லித் தீர்ப்பு வந்தது. 10,000 பவுண் வரையான தகராறில் ஐபாஸ் முடிவை நிறுவனம் ஏற்றாகவேண்டும். பந்தயம் கட்டியவருக்கு அந்தக் கட்டாயமில்லை, பிடிக்காவிட்டால் நீதிமன்றம் போகலாம். 2005ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் வந்த பிறகு, பந்தயக் கடன் அங்கே வழக்காடக்கூடிய கடன்தான்.

காசு வந்த பிறகு அப்பா தனியாகத் தொலைபேசியில் பேசினார். மகன் அதே தளத்தில் அந்த வருடம் இழந்த தொகையைச் சொல்லி, "இவனைத் தடுக்காமல் விட்டவங்களைப் பற்றியும் அங்கேயே எழுதலாமா தம்பி?" என்று கேட்டார். அதை அவர்கள் எடுக்கமாட்டார்கள் என்றேன். பந்தயத்தின் கணக்கு சரியா என்பதுதான் அங்கே விசாரணை. ஆளைக் கவனித்தார்களா என்பதைச் சூதாட்ட ஆணையத்துக்கு அறிவிக்கலாம், ஆனால் ஆணையம் தனி ஆளுக்குப் பணம் வாங்கித் தராது. அந்தப் பணத்துக்கு நீதிமன்றம்தான், அதுவும் கடினமான வழக்கு. கணக்கு விவரம் முழுவதையும் நிறுவனத்திடம் எழுதிக் கேட்டால் ஒரு மாதத்துக்குள் தரவேண்டும், முதலில் அதைக் கையில் எடுங்கள் என்றேன். மகன்தான் கேட்கவேண்டும், தகப்பன் கேட்டால் தரமாட்டார்கள் என்பதையும் சொன்னேன்.