ஒலி தெரியாத சீன எழுத்தை விரலால் எழுதித் தேடுவது

சிங்கப்பூரில் இத்தனை வருடம் வாழ்ந்தும் எனக்குச் சீன எழுத்து படிக்க வராது. நம் வயதுத் தமிழர்கள் பலருக்கும் அப்படித்தான். சந்தையில் பேரம் பேச நாலு வார்த்தை ஹொக்கியன் வரும், அவ்வளவுதான். கைப்பேசியில் சீனம் தட்டச்சு செய்யப் பின்யின் தெரிய வேண்டும், அதாவது அந்த எழுத்தின் ஒலியை ரோமன் எழுத்தில் தட்டத் தெரிய வேண்டும். ஒலி தெரியாதவர் என்ன செய்வது? எழுத்தை விரலால் திரையில் வரைந்து காட்டலாம்.

ஐபோனில் Settings, General, Keyboard, Keyboards என்று போய் Add New Keyboard என்பதைத் தொட்டு, Chinese, Simplified என்பதில் Handwriting என்பதைத் தேர்ந்தெடுத்தால் வரைவதற்கு ஒரு வெற்றுக் கட்டம் கிடைக்கும். நாம் வரைய வரைய, அதுவாக இருக்கலாம் என்று கைப்பேசி நினைக்கும் எழுத்துகள் வரிசையாகத் தோன்றும். சரியானதைத் தொட வேண்டும்.

இது எனக்குப் பயன்பட்ட கதையைச் சொல்கிறேன். என் மனைவிக்கு இதய வால்வு மாற்றியதிலிருந்து தினமும் வார்ஃபரின் மாத்திரை. இரத்தம் உறையாமல் இருப்பதற்கான மருந்து அது. கால் மரத்துப் போகிறது என்று அவள் சொன்னதைக் கேட்டு, பக்கத்து வீட்டு ஆன்டி சீனாவிலிருந்து வாங்கி வந்த மாத்திரைக் குப்பி ஒன்றை அன்போடு கொடுத்தார். இரத்த ஓட்டத்துக்கு நல்லதாம். லேபிள் முழுக்கச் சீனம். வளைந்த குப்பி, பளபளக்கும் தாள். கேமரா மொழிபெயர்ப்பு ஒன்றும் சரியாகச் சொல்லவில்லை. பெரிதாக இருந்த முதல் இரண்டு எழுத்துகள் 丹参. அவற்றை வரைந்தேன்.

கைப்பேசி நாம் வரைந்த படத்தை மட்டும் பார்ப்பதில்லை. விரல் எங்கே தொடங்கியது, எந்தப் பக்கம் போனது, எத்தனை முறை எடுத்து வைத்தோம் என்பதையும் கவனிக்கிறது. இப்போதைய செயலிகள் வரிசை கொஞ்சம் மாறினாலும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் நாலு கோட்டு எழுத்தை ஏழு கோடாக ஒட்டுப்போட்டால் திணறிவிடும். பொதுவான வரிசை இதுதான்: மேலிருந்து கீழே, இடமிருந்து வலமாக, குறுக்குக் கோடு முதலில், அதை வெட்டும் நெடுங்கோடு பிறகு. கட்டமாக இருந்தால் முதலில் வெளிச்சுவர், பிறகு உள்ளே இருப்பது.

丹 நாலு கோடு. முதல் கோடு இடப்பக்கம் மேலிருந்து கீழே சற்று இடதாகச் சாயும். இரண்டாவது, விரலை எடுக்காமல் மேலே குறுக்காகப் போய், வலப்பக்கம் இறங்கி, அடியில் சின்னக் கொக்கியோடு முடியும். மூன்றாவது உள்ளே ஒரு புள்ளி. கடைசியில் குறுக்குக் கோடு. இந்தக் கோடு இரண்டு சுவர்களையும் தாண்டி வெளியே நீள வேண்டும். நீளாவிட்டால், சந்திரனைக் குறிக்கும் 月 முதலில் வந்து நிற்கும். அதற்கும் நாலு கோடு, முதல் இரண்டும் ஒன்றேதான்.

参 எட்டுக் கோடு. உச்சியிலிருந்து இடதாகச் சாய்ந்து இறங்கி, எடுக்காமலேயே வலப்பக்கம் திரும்புவது ஒன்று. அதன் வலது ஓரத்தில் ஒரு புள்ளி. பிறகு நீளக் குறுக்குக் கோடு. அதை வெட்டிக்கொண்டு இடதாக இறங்குவது, வலதாக இறங்குவது. அடியில் மூன்று சிறு சாய்கோடுகள், ஒன்றன்கீழ் ஒன்றாக. மூன்றையும் வலது மேலிருந்து இடது கீழாக இழுக்க வேண்டும், கீழிருந்து மேலாக அல்ல.

வரும் எழுத்துகள் எல்லாமே சம்பந்தமில்லாமல் இருந்தால் கோடுகளின் எண்ணிக்கை தப்பியிருக்கும். ஜாடை ஒத்த எழுத்துகள் வந்தால் நீள அகலம்தான் தப்பு. அழித்துவிட்டு நிதானமாக வரைந்தால் கிடைத்துவிடும்.

இன்னொன்று முக்கியம். 参 என்பதைத் தனியாக அகராதியில் தேடினால் cān என்ற ஒலியும் 'பங்கேற்பது' என்ற பொருளும் வரும். மருந்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இரண்டையும் சேர்த்துத் தேடினால்தான் dānshēn என்று வந்தது. ஒரே எழுத்துக்கு இடத்துக்கு ஏற்ப வேறு வேறு ஒலி. பொருளோ ஒரு மூலிகையின் வேர். சீன வைத்தியத்தில் இரத்த ஓட்டத்துக்குக் கொடுப்பது.

அந்தப் பெயரை மருந்தாளரிடம் போனில் சொன்னேன். வார்ஃபரினோடு அதைச் சேர்த்தால் இரத்தக் கசிவு ஆபத்து கூடும், ஒரு மாத்திரைகூட வேண்டாம் என்றார். ஆன்டியிடம் விஷயத்தைச் சொல்லிக் குப்பியைத் திருப்பிக் கொடுத்தோம். அவர் தம் கணவரின் மருந்துப் பையையும் எடுத்து வந்து பார்க்கச் சொன்னார்.

ஹாங்காங், தைவான் பொட்டலங்களில் இதே பெயர் பழைய வடிவில் 丹參 என்று இருக்கும். இரண்டாவது எழுத்துக்குப் பதினொரு கோடு. அதற்கு விசைப்பலகையில் Chinese, Traditional என்பதையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.