உம்மாவின் போனும் பாதியில் நின்ற ரீஸ்டோரும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. போன் மாற்றப் போகிறவர்கள், முக்கியமாக வீட்டில் பெரியவர்களின் போனை மாற்றிக் கொடுக்கப் போகிறவர்கள், பொறுமையாக வாசியுங்கோ.

போன மாதம் உம்மாவின் போன் கிணற்றடியில் வாளித் தண்ணிக்குள் விழுந்து செத்துப்போனது. தம்பி பாவித்த பழைய 32 ஜீபி போன் ஒன்று வீட்டில் கிடந்தது. சிம்மை அதில் போட்டு, வட்ஸ்அப்பைப் போட்டு, நம்பரை உறுதிப்படுத்தினேன். கூகுள் கணக்கில் பெக்கப் இருக்கிறது, 3.8 ஜீபி என்று காட்டியது. Restore என்று அமத்தினேன். மெசேஜ் பகுதி 420 எம்பி என்று ஓடி முழுதாக இறங்கியது. அதற்குப் பிறகு வந்த வட்டம் பாதியில் நின்றது, போனில் இடம் போதாது என்று சொன்னது. திரும்ப அமத்தினேன். அதே இடத்தில் திரும்பவும் நின்றது.

உம்மாவுக்கு அதில் மற்றதெல்லாம் பரவாயில்லை. வாப்பா மௌத்தாகுவதற்கு முதல் புத்தளத்தில் பெரியம்மா வீட்டில் இருந்த நாட்களில் அனுப்பின குரல் மெசேஜ்கள்தான் வேணும். மருந்து குடிச்சாச்சு, தேங்காய் விலை இவ்வளவு, மழை பெய்யுது, அவ்வளவுதான் அதில் இருக்கும். 1990 ஒக்டோபரில் எங்கட ஆக்கள் சாவகச்சேரியை விட்டுப் போனபோது நான் கைக்குழந்தை. வீட்டுப் படங்கள் ஒன்றும் கூட வரவில்லை. வாப்பாவின் குரல் என்று எங்களிடம் இருப்பது இது மட்டும்தான்.

டவுனில் ஒரு போன் கடைக்குக் கொண்டு போனேன். அங்கே நின்ற பெடியன் பார்த்துவிட்டு, "சேர், Skip அமத்துங்கோ, வட்ஸ்அப் திறக்கும், பிறகு ஆறுதலாக எடுக்கலாம்" என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான். ஆனால் பிறகு எடுக்க வழியில்லை. Skip அமத்தினால் வட்ஸ்அப் வெறுமையாகத் திறக்கும். உள்ளே போனபிறகு பழையதைக் கொண்டு வர பட்டன் கிடையாது, அப்பை அழித்துத் திரும்பப் போட்டுத்தான் கேட்க வேண்டும். அதைவிடப் பெரிய ஆபத்து, அந்த வெறும் வட்ஸ்அப்பில் தானாக பெக்கப் எடுக்கும்படி இருந்தால், ஓரிரு நாளில் வெறும் பெக்கப் போய் கூகுளில் இருந்த பழையதன் மேல் உட்கார்ந்துவிடும். அங்கே கடைசியாக எடுத்த ஒன்றுதான் இருக்கும். போனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். 420 எம்பி இறங்கியது சரி. போனில் 1.4 ஜீபி காலியாக இருந்ததும் சரி. அப்படியென்றால் ஏன் இடம் போதாது?

விஷயம் இதுதான். இறங்குவது பூட்டிச் சுருக்கிக் கட்டிய ஒரு பொதி. அதை அவிழ்த்து, போன் வாசிக்கக்கூடிய ஒரு பெரிய கோப்பாக எழுத வேண்டும். எழுதி முடியும்வரை பொதியும் இருக்கும், அவிழ்த்ததும் இருக்கும், இரண்டுக்கும் இடம் வேண்டும். வெங்காய மூடையைப் பிரித்துக் காயப்போட, மூடை இருந்த இடம் போதாதுதானே. எங்கட 420 எம்பி பொதி அவிழ்ந்தபோது ஏறக்குறைய 1.1 ஜீபி ஆனது. கடைசியில் எல்லாம் முடிந்தபிறகு போன் செட்டிங்கில் வட்ஸ்அப் எவ்வளவு இடம் எடுக்கிறது என்று பார்த்துத்தான் அதைக் கண்டேன். 1.4இல் 420 போனால் ஒரு ஜீபிகூட மிச்சமில்லை. அதிலும் கடைசி 500 எம்பி அளவை அன்ட்ரொய்ட் தன் சொந்தத் தேவைக்கென்று பிடித்துக்கொள்ளும், அதைத் தொட்டால் இடம் குறைவு என்று சத்தம் போடத் தொடங்கும். எத்தனை தரம் அமத்தினாலும் அது அதே இடத்தில்தான் நின்றிருக்கும்.

இதெல்லாம் மெசேஜ் பகுதிக்கு மட்டும். படங்கள், வீடியோ, குரல் எல்லாம் அதற்குப் பிறகுதான் பின்னால் தனியாக இறங்கும். எங்கட கணக்கில் அது மிச்சம் 3.4 ஜீபி. ஆக மொத்தம் பொதி 0.4, அவிழ்த்தது 1.1, படம் குரல் 3.4, போன் பிடிப்பது 0.5. கூட்டினால் 5.4 ஜீபி. பெக்கப் 3.8 என்றுதானே காட்டியது என்று 4 ஜீபி காலியாக்கிவிட்டு இருந்திருந்தால் மெசேஜ் வந்திருக்கும், குரல்கள் பாதியில் நின்றிருக்கும்.

இடம் எடுக்கப் போனபோது இன்னொரு கூத்து. தம்பியின் ஒரு கேமை அழித்தேன், 2.3 ஜீபி கூடியது. பிறகு அவனுடைய கிரிக்கெட் வீடியோக்கள் 3.5 ஜீபி அளவு கலரியில் அழித்தேன் (முதலில் லெப்டொப்பில் ஏற்றிவிட்டுத்தான், இல்லாவிட்டால் வீட்டில் சண்டை). காலி இடம் ஒரு துளியும் கூடவில்லை! அழித்ததெல்லாம் கலரியின் குப்பைக் கூடையில் இருந்தது. Trash அல்லது Recycle bin என்று இருக்கும், கிட்டத்தட்ட ஒரு மாதம் அங்கேயே கிடக்கும், இடமும் பிடிக்கும். அதை வெறுமையாக்கினபிறகுதான் 7.2 ஜீபி காட்டியது. அத்தோடு ப்ளே ஸ்டோரில் தானாக அப்டேட் ஆவதை நிறுத்தினேன். கன நாள் கிடந்த போனில் வைஃபை கிடைத்தவுடனே இருக்கிற அப் எல்லாம் அப்டேட் ஆகத் தொடங்கும், நாங்கள் ஒதுக்கின இடத்தை அதுதான் விழுங்கும்.

பிறகு வட்ஸ்அப்பை அழித்துத் திரும்பப் போட்டு, அதே நம்பர், அதே கூகுள் கணக்கு. இஷாவுக்குப் பிறகு ஒரு நண்பர் வீட்டு வைஃபையில், சார்ஜில் போட்டுத் தொடங்கினோம். மெசேஜ் பகுதி சில நிமிடத்தில் முடிந்தது. வாப்பாவின் பெயரைத் திறந்தால் குரல் மெசேஜ்கள் வரிசையாக இருந்தன, ஆனால் பக்கத்தில் கீழ்நோக்கிய அம்புக்குறி. உம்மா பயந்துபோனா. அது பின்னால் இன்னும் இறங்காதது என்று அர்த்தம். அந்த நேரத்தில் அதைத் திரும்பத் திரும்ப அமத்தவும் தேவையில்லை, எதை முதலில் இறக்கு என்று சொல்லவும் முடியாது. ஒரு நிமிடக் குரல் 100, 150 கிலோபைட்தான், ஆனாலும் கல்யாண வீடியோக்களோடு வரிசையில் நின்றுதான் வரும். சுபஹுக்கு எழும்பிப் பார்த்தபோது முடிந்திருந்தது. காலி இடம் 2.3 ஜீபி.

இப்போது என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் கணக்கு, பெக்கப் அளவின் ஒன்றரை மடங்கு, அதோடு இன்னும் 1 ஜீபி. படம் குறைவாகவும் குரூப் அரட்டை கூடவும் உள்ள போன் என்றால் இரண்டு மடங்கு, ஏனென்றால் அவிழ்ந்து வீங்குவது மெசேஜ் பகுதிதான். இது என் கணக்கு. அன்ட்ரொய்டுக்கு வட்ஸ்அப் போதுமான இடம் வேண்டும் என்று மட்டும்தான் சொல்கிறது. வெளிநாட்டில் ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எண் சொல்கிறார்கள், ஆனால் அது பெக்கப் எடுப்பதற்கு: பெக்கப் அளவைப்போல 2.05 மடங்கு இடம் ஐகிளவுட்டிலும் போனிலும் காலியாக இருக்க வேண்டும்.

பழைய போன் உயிரோடு இருக்கும்போதே பார்க்கிறவர்களுக்கு வேலை இன்னும் லேசு. வட்ஸ்அப்பில் Settings, Chats, Chat backup போனால் மொத்த அளவு தெரியும். அங்கேயே வீடியோ சேர்ப்பதை நிறுத்திவிட்டு ஒரு பெக்கப் எடுத்தால் பாதிச் சுமை குறையும். வீடியோக்களை மெமரி கார்டில் தனியாகப் போட்டுக்கொள்ளலாம்.

தெரியாமல் Skip அமத்திவிட்டவர்கள், அடுத்த பெக்கப் போவதற்கு முதல் அதே Chat backup இடத்தில் Never என்று மாற்றுங்கோ. பிறகு வட்ஸ்அப்பை அழித்துத் திரும்பப் போட்டால் பழையது இன்னும் காட்டும். பாதியில் நிற்கிற போன் யாரிடமாவது இருந்தால் ஒன்றும் அமத்தாமல் கொண்டு வாங்கோ. பள்ளிக்கூடம் விட்டபிறகு பின்னேரத்தில் வீட்டில்தான் இருப்பேன்.