கையெழுத்து இருந்தது, சர்வீஸ் இல்லை

மடிப்பாக்கத்தில் எங்கள் நான்கு மாடிக் குடியிருப்பின் லிப்டுக்கு மாதம் ஒரு சர்வீஸ் என்று ஏ.எம்.சி. ஒப்பந்தம் சொன்னது. நான் அசோசியேஷன் செயலாளரானபோது, ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஏழு சர்வீஸ் ரிப்போர்ட்டுகளும் கோப்பில் ஒழுங்காக இருந்தன. லிப்ட்தான் ஒழுங்காக இல்லை. தளத்தில் நிற்கும்போது இரண்டு விரல் உயரம் மேலேயோ கீழேயோ நின்றது. ஒருநாள் மின்சாரம் போனபோது, நான்காம் மாடி அம்மா ஒருவர் இரண்டு தளங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டார். மின்சாரம் போனால் பேட்டரியில் ஓடி, பக்கத்துத் தளத்துக்கு லிப்டைக் கொண்டுபோய்க் கதவைத் திறந்துவிட வேண்டியது ஏ.ஆர்.டி. என்ற கருவி. மெயின் சுவிட்சை அணைத்துப் பார்த்தால் சில நிமிடங்களில் அதைச் சோதித்துவிடலாம். மாதாமாதம் யாராவது அதைச் செய்திருந்தால் பேட்டரி செத்துப்போனது எப்போதோ தெரிந்திருக்கும்.

சந்தேகம் வந்து, ரிப்போர்ட்டுகளின் தேதிகளைக் கேட் ரிஜிஸ்டரோடு ஒப்பிட்டேன். மூன்று தேதிகளில் கம்பெனி ஆள் வந்ததாகப் பதிவே இல்லை. அந்த மூன்று தாள்களிலும் வாட்ச்மேனின் கையெழுத்து ஒரே மையில் இருந்தது. “ஒண்ணா நீட்டுனாரு சார், போட்டுக் குடுத்தேன்” என்றார். அவரை என்ன சொல்வது? எதற்குக் கையெழுத்து என்று நாங்கள் அவருக்குச் சொன்னதே இல்லை.

இன்னும் இரண்டு தேதிகளில் ஆள் வந்திருந்தார், ஆனால் கதவு மூடவில்லை என்று நாங்களே கூப்பிட்டு வந்தவர். டெக்னீஷியனைக் கேட்டபோது மறைக்காமல் சொன்னார்: “கம்ப்ளெய்ன்ட்டுக்கு வர்றப்பவே சர்வீஸ் ஷீட்லயும் கையெழுத்து வாங்கிடச் சொல்றாங்க சார். என் பேர்ல எழுபது லிப்ட் இருக்கு.”

சர்வீஸ் வேறு, பழுது பார்ப்பது வேறு. கதவு மூடவில்லை என்றால் கதவுப் பூட்டின் காண்டாக்டைத் துடைத்துவிட்டு இருபது நிமிடத்தில் கிளம்பிவிடலாம். சர்வீஸ் என்றால் மிஷின் ரூமில் பிரேக்கையும் ரோப்பையும் பார்க்க வேண்டும். லிப்ட் கூண்டின் மேல் ஏறி, கைடு ரெயிலுக்கு எண்ணெய் விடும் கப்புகளை நிரப்ப வேண்டும். கீழே பிட்டில் இறங்கிப் பார்க்க வேண்டும். லிப்டை ஏறக்குறைய ஒரு மணி நேரமாவது நிறுத்தாமல் இது நடக்காது. நிறுத்தினால் எங்கள் வாட்ஸ்அப் குழு சும்மா இருக்காது. ரிப்போர்ட் தேதிகளில் குழுவைத் தேடினேன். இரண்டே நாட்களில்தான் “லிப்ட் ஏன் ஓடலை?” என்று கேட்டிருந்தார்கள். ஏழில் நடந்தது அந்த இரண்டுதான்.

வெளியிலிருந்து வேறொரு லிப்ட் இன்ஜினீயரை வரவழைத்தோம். எண்ணெய்க் கப்பின் திரி காய்ந்து கிடந்தது. பிட்டில் மழைத் தண்ணீர். கூண்டு ரெயிலில் வழுக்கி ஓட உதவும் லைனர்கள் தேய்ந்திருந்தன. லைனரும் கதவு ரோலரும் எங்கள் ஒப்பந்தத்தில் அடங்கியவை, பேட்டரி அடங்காது. அதனால் ஒப்பந்தத்தை ரத்து செய்யும் நோட்டீஸைக் கொடுக்கும் முன்பே லைனரையும் ரோலரையும் மாற்றித் தரும்படி எழுதிக் கேட்டு வாங்கிக்கொண்டோம். நோட்டீஸ் போன பிறகு கேட்டிருந்தால் கிடைத்திருக்காது என்பது என் கணிப்பு.

நோட்டீஸின் வாசகத்தில்தான் எங்கள் பணம் இருந்தது. வாடிக்கையாளர் தாமாக விலகினால் முன்பணம் திரும்பாது என்று ஒரு விதி. கம்பெனி சேவையில் தவறினால், எஞ்சிய மாதங்களுக்குத் திரும்பும் என்று இன்னொரு விதி. உறுப்பினர்கள் எழுதித் தந்த முதல் வரைவு, “தங்கள் சேவை எங்களுக்குத் தேவையில்லை” என்று கோபமாகத் தொடங்கியது. அதை அனுப்பியிருந்தால் முதல் விதியில் நாங்களே போய் உட்கார்ந்திருப்போம். அதைக் கிழித்துவிட்டு, தவறிய ஐந்து தேதிகளையும் கேட் ரிஜிஸ்டரின் நகலையும் வைத்து, சேவைத் தவறுக்காக ரத்து செய்கிறோம் என்று முப்பது நாள் நோட்டீஸைப் பதிவுத் தபாலில் அனுப்பினோம்.

ரத்து செய்ய வேண்டாம், மூன்று மாதம் இலவசமாக நீட்டித்துத் தருகிறோம் என்றார்கள். வராதவர்கள் இன்னும் மூன்று மாதம் வராமல் இருக்கவா? மறுத்தோம். ஆண்டுக் கட்டணம் 48,000 ரூபாய், மாதத்துக்கு 4,000. நவம்பரோடு முடித்ததால் எஞ்சிய நான்கு மாதத்துக்கு 16,000, அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 2,880, ஆக 18,880 ரூபாய் திரும்பி வந்தது. நடக்காத சர்வீஸுகளுக்கான பணத்தைக் கடைசிவரை தரவில்லை. அதற்காக நுகர்வோர் மன்றம் போகலாம் என்ற பேச்சு, செயற்குழுவில் ஒரு கூட்டத்தைத் தாண்டவில்லை.

கடைசித் தவணையைப் போல ஒன்று பாக்கி இருந்தது: லிப்டின் கன்ட்ரோலருக்குப் பாஸ்வேர்டு. அது இல்லாமல் புது ஆட்களால் அமைப்புகளைத் தொடவே முடியாது. வயரிங் வரைபடம், கதவைத் திறக்கும் அவசரச் சாவி, பாஸ்வேர்டு மூன்றையும் பழைய, புதிய டெக்னீஷியன்கள் இருவரும் நிற்க, கூட்டுச் சோதனை செய்து எழுதி வாங்கினோம். இடையில் ஒருநாள்கூட லிப்டைப் பராமரிப்பில்லாமல் விடவில்லை. 1997 லிப்ட் சட்டப்படி உரிமம் பெற்று ஓட்டும் நாங்கள்தானே, ஏதாவது நடந்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள்!

புதிய ஒப்பந்தத்தில் முன்பணம் இல்லை. காலாண்டு முடிந்து, சர்வீஸ் நடந்த பிறகே பணம். செயற்குழு உறுப்பினர் ஒருவர், ஏ.ஆர்.டி. சோதனையை நேரில் பார்த்தால்தான் தாளில் கையெழுத்து. முன்பணத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடி இதனால் போயிற்று. அதை இரண்டு வீட்டுக்காரர்கள் இன்னும் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.