எல்லோருக்கும் போன மின்னஞ்சல்

2018 செப்டம்பரில் எங்கள் அலுவலகம் நுங்கம்பாக்கத்திலிருந்து சிறுசேரிக்கு மாறியது. அதை ஊழியர்களுக்குத் தெரிவிக்கும் மின்னஞ்சலை எழுதியது நான்தான். என் வேலைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. "நீதான் கதை, கட்டுரைன்னு என்னமோ எழுதுறியே, இதையும் கொஞ்சம் சரி பண்ணிக் குடு" என்று மேலாளர் சொல்லிவிட்டார். எழுதத் தெரியும் என்று அலுவலகத்தில் வெளியே சொல்லக் கூடாது. பிறந்தநாள் கார்டிலிருந்து எல்லாம் நம் தலையில் வந்து விழும்.

அட்மின் பிரிவிலிருந்து ஒரு வரைவு வந்திருந்தது. முதல் மூன்று பத்தி முழுக்க மகிழ்ச்சி. வளர்ச்சி, புதிய அத்தியாயம், உலகத்தரம் வாய்ந்த வளாகம். நான்காவது பத்தியின் நடுவில் ஒரு வரி: "இடமாற்றம் விநாயகர் சதுர்த்தி வார இறுதியில் நடைபெறும்." அதற்குக் கீழே, "போக்குவரத்து வசதி செய்யப்பட்டுள்ளது. தனிப்பட்ட பொருட்களை வெள்ளி மாலை 4 மணிக்குள் பேக் செய்துகொள்ளவும்." அவ்வளவுதான்.

எனக்கு முதலில் உறுத்தியது தேதி. அந்த வருஷம் விநாயகர் சதுர்த்தி செப்டம்பர் 13, வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை ஒரு நாள் லீவு போட்டால் நான்கு நாள் சேர்ந்தாற்போல் கிடைக்கும். லாரிக்கும் பெயின்டருக்கும் நான்கு நாள் கிடைக்கிறதே என்றுதான் அட்மின் சார் அந்த வாரத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார். அதே நான்கு நாள் கிடைக்கிறதே என்று ஊழியர்களில் பாதிப் பேர் ஜூலையிலேயே திருநெல்வேலிக்கும் மதுரைக்கும் டிக்கெட் போட்டிருந்தார்கள். லீவு காலண்டரைத் திறந்து எண்ணினேன். வெள்ளிக்கிழமை மேசையை யார் காலி செய்வது? புதன்கிழமையே பாதிப் பேர் பையோடு அலுவலகத்துக்கு வந்து, சாயங்காலம் நேராகக் கோயம்பேட்டுக்குப் போய்விடுவார்கள்.

அதனால் தேதியை மாற்றி எழுதினேன். மகிழ்ச்சியை எல்லாம் கீழே தள்ளிவிட்டு மேலே மூன்று வரி வைத்தேன். செப்டம்பர் 12, புதன், மதியம் 3 மணிக்குள் பேக்கிங் முடிய வேண்டும். நுங்கம்பாக்கத்தில் அதுவே கடைசி நாள். 14, வெள்ளி, வேலை இருப்பவர்கள் வீட்டிலிருந்து செய்யலாம். எந்த அலுவலகமும் திறந்திருக்காது. 17, திங்கள், காலை 9 மணிக்குச் சிறுசேரியில். பெரும்பாலானவர்கள் மின்னஞ்சலை ரயிலில் நின்றுகொண்டு போனில் படிக்கிறார்கள். திரையில் முதலில் தெரிவது நான்கைந்து வரிதான். அதில் கிழமையும் தேதியும் சேர்ந்து இருக்க வேண்டும். "வார இறுதி" என்று எழுதினால் வெள்ளி ராத்திரியா திங்கள் விடியலா என்று ஆளுக்கு ஒன்றாக நினைத்துக்கொள்வார்கள்.

அடுத்தது பேக்கிங். ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் க்ரேட், ஒரு சீல், இரண்டு ஸ்டிக்கர். மானிட்டரையும் கீபோர்டையும் ஐடி ஆட்கள் கழற்றுவார்கள். யாரும் தொடக் கூடாது. லேப்டாப், சார்ஜர், மருந்து, பணம், சர்டிபிகேட் எதையும் க்ரேட்டில் வைக்காமல் கையோடு கொண்டுபோக வேண்டும். டிராயரைக் காலி செய்துவிட்டுச் சாவியைப் பூட்டிலேயே விட வேண்டும். ஸ்டிக்கரை மூடியின் மேல் ஒட்டாதீர்கள், பக்கவாட்டில் ஒட்டுங்கள் என்று தடித்த எழுத்தில் போட்டேன். லாரியில் க்ரேட்டை நான்கு அடுக்காக அடுக்குவார்கள். மூடியில் ஒட்டினால் மேலே இருப்பது யாருடையது என்று மட்டும்தான் தெரியும். இதை எனக்குச் சொன்னது வீடு மாற்றும் கம்பெனியின் சூப்பர்வைசர். பக்கவாட்டிலும் குட்டையான பக்கம்தான் நல்லது என்றார், லாரிக் கதவைத் திறந்தால் அதுதான் கண்ணுக்குத் தெரியுமாம்.

இவ்வளவு யோசித்தவன் ஒன்றைக் கோட்டைவிட்டேன். "ஸ்டிக்கரில் உங்கள் இருக்கை எண்ணை எழுதுங்கள்" என்று எழுதியிருந்தேன். எந்த எண்? பழையதா, புதியதா? எனக்குப் புதிய எண் மனதில் இருந்ததால் அது எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன். பாதிப் பேர் இத்தனை வருஷமாக உட்கார்ந்த எண்ணை எழுதிவிட்டார்கள். இரண்டு கட்டடத்திலும் மூன்றாம் மாடி உண்டு, இரண்டிலும் பி விங் உண்டு, 42ஆம் இருக்கையும் உண்டு. எண் தப்பாக இருந்தால் கூட யாராவது நின்று கேட்டிருப்பார்கள். சரியான எண் மாதிரியே இருந்ததால் க்ரேட் சந்தேகமே இல்லாமல் வேறொருவர் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது. திங்கட்கிழமை காலை என் மேசையில் யாரோ ஒருவரின் முருகர் படமும் பாதி தீர்ந்த நெல்லிக்காய் ஊறுகாயும் இருந்தன. சாப்பாட்டுப் பொருள் வைக்காதீர்கள் என்றும் எழுதியிருந்தேன், அது வேறு விஷயம்.

போக்குவரத்துக்கு வருகிறேன். நுங்கம்பாக்கத்தில் இருந்தவரை யாருக்கும் போக்குவரத்து என்று ஒரு பிரச்சினையே இல்லை. தாம்பரத்திலிருந்து வருகிறவர் மின்சார ரயிலில் வந்து இறங்கி நடந்து வருவார். சிறுசேரிக்கு அப்போது ரயிலும் கிடையாது, மெட்ரோவும் கிடையாது. சைதாப்பேட்டையிலிருந்து 19பி, பிராட்வேயிலிருந்து 102, கோயம்பேட்டிலிருந்து 570 என்று மாநகரப் பேருந்துகள் பழைய மகாபலிபுரம் சாலையில் போகும். கம்பெனி ஆறு பேருந்து ஏற்பாடு செய்திருந்தது. வரைவில் "கிண்டி, 7.40" என்று இருந்தது. கிண்டி என்றால் எது? ரயில் நிலையமா, கத்திப்பாராவா, தொழிற்பேட்டையா? வண்டி நிற்கும் இடத்தைப் பக்கத்துக் கடை, பாலம், சாலையின் எந்தப் பக்கம் என்பதுவரை கேட்டு எழுதினேன். டிரைவர்களிடமே பேசித்தான் அது கிடைத்தது. மாலை வண்டி 6.15க்கு ஒன்று, 8.30க்கு ஒன்று. அதற்குப் பிறகு கேப். அதில் பெண் ஊழியர் முதல் ஆளாக ஏறுவதாகவோ கடைசி ஆளாக இறங்குவதாகவோ இருந்தால் கூடவே ஒரு காவலர் வருவார்.

செப்டம்பர் 3, திங்கட்கிழமை மின்னஞ்சல் போனது. தலைப்பிலேயே தேதி இருந்தது. "ப்ரோ, முதல் தடவையா ஒரு அட்மின் மெயில் புரிஞ்சுது" என்று ஒருவன் வந்து கை கொடுத்தான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மதியம் டெஸ்டிங் குழுவில் இருந்த ஒருவர் எனக்கு மட்டும் பதில் அனுப்பியிருந்தார். சூளைமேட்டில் வீடு, இரண்டரை வயதுக் குழந்தை. "க்ரெஷ் 7 மணிக்கு மூடிடுவாங்க. 6.15 பஸ்ல வந்தா நான் எட்டு மணிக்குத்தான் போய்ச் சேருவேன். ஒன்பது நாள்ல வேற க்ரெஷ் எங்க தேடுறது?"

என்னிடம் பதில் இல்லை. மேலாளரிடம் கொண்டுபோனேன். அப்போதுதான் தெரிந்தது, புதிய கட்டடத்தின் குத்தகை மே மாதமே கையெழுத்தாகியிருந்தது. நான்கு மாதம். "முன்னாடியே சொன்னா ரிசைன் பண்ணிடுவாங்கன்னு பயம்ப்பா" என்றார் மேலாளர், ரகசியம் சொல்வது மாதிரி. மே மாதம் சொல்லியிருந்தால், ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன்னால் வீடு மாறுகிறவர்கள் மாறியிருப்பார்கள். ஒவ்வொரு வரியிலும் தேதி சரியாக இருக்கிறதா என்று பார்த்தவன், அந்த மெயில் எந்தத் தேதியில் போகிறது என்பதைப் பார்க்கவே இல்லை. அவருக்கு 8 மணிக்கு வந்து 4.30க்குக் கிளம்ப அனுமதி வாங்க முடிந்தது. ஆனால் 4.30க்குக் கம்பெனி வண்டி கிடையாது. மாநகரப் பேருந்தில் மூன்று மாதம் போய் வந்தார். டிசம்பரில் வேலையை விட்டுவிட்டார்.

திங்கட்கிழமை, 10ஆம் தேதி, க்ரேட்டுகள் வந்து இறங்கின. வரவேற்பறையில் நீல நிறத்தில் ஆளுயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். பேன்ட்ரியில் டீ போடும் அக்கா அதைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "தம்பி, எல்லாரும் எங்க போறீங்க?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "மெயில் வந்துச்சேக்கா" என்று வாய்வரை வந்துவிட்டது. அவருக்கு ஏது மெயில்? நான் அனுப்பியது all-employees என்ற பட்டியலுக்கு. அவர் ஒப்பந்தக்காரர் மூலம் வருகிறவர், அவரும் துப்புரவு செய்யும் மூன்று பேரும் இரண்டு செக்யூரிட்டி அண்ணன்களும் அந்தப் பட்டியலில் இல்லை. அக்கா ஒன்பது வருஷமாக அங்கே வேலை செய்தார். வீடு புஷ்பா நகரில், நடந்து வந்துவிடுவார். காலை 7 மணிக்குப் பால் காய்ச்ச வேண்டும். சிறுசேரி என்றதும், "கேளம்பாக்கம் பக்கமா?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "ஏஜென்சிக்காரன் ஒண்ணும் சொல்லலியே" என்றார்.

ஏஜென்சிக்கும் யாரும் சொல்லவில்லை. அட்மின் சார் தலையைச் சொறிந்தார். புதிய வளாகத்தில் கேன்டீனும் ஹவுஸ்கீப்பிங்கும் கட்டடக்காரர்களே பார்த்துக்கொள்வார்களாம். ஆறு பேருக்கும் அந்த மாதம் முழுச் சம்பளம் தர வைக்க மட்டும் எங்களால் முடிந்தது. அன்று சாயங்காலம் தமிழில் ஒரு பக்கம் எழுதி பேன்ட்ரி சுவரில் ஒட்டினேன். தேதி, இடம், யாருக்குச் சம்பளம் எதுவரை, யாரைக் கேட்க வேண்டும், அவர் போன் எண். ஆறு வரிதான் வந்தது. இரண்டு மணி நேரம் ஆனது.

புதன்கிழமை 3 மணிக்கு க்ரேட்டை மூடச் சீலை எடுத்தபோது அக்கா என் டீ கப்பைத் தினத்தந்தித் தாளில் சுற்றிக் கொண்டுவந்து வைத்தார். "தனிப்பட்ட பொருட்கள்" என்று நான் எழுதியதைப் படித்த யாருக்கும் கப் ஞாபகம் வரவில்லை. கப் மேசையில் இருப்பதில்லை, கழுவி பேன்ட்ரியில் கவிழ்த்து வைத்திருக்கும். எது யாருடையது என்று அவருக்குத்தான் தெரியும். ஒரு தட்டு நிறையச் சுற்றிய கப்புகளோடு பி விங்கின் கடைசிவரை போய் வந்தார். லீவில் போனவர்களின் க்ரேட் சீல் போட்டாகிவிட்டதால், அவர்கள் கப்பை மட்டும் ஒரு அட்டைப்பெட்டியில் தனியாக வைத்து, ஒவ்வொன்றின் மேலும் பேரை எழுதச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒருவருடைய பேர் அவருக்குத் தெரியவில்லை. "சர்க்கரை போடாம குடிப்பாரே, ஜன்னலோர சார்" என்றார். அதையே எழுதினேன்.