நிறுவைத் தராசின் அருகே முதல் வாரம்

நானுஓயாவைத் தாண்டி மேலேறும் புகையிரதம் பட்டிப்பொலவில் நிற்கும்போது, 6,226 அடி உயரத்திலே, இலங்கையின் மிக உயர்ந்த புகையிரத நிலையத்தில் நாம் நிற்கிறோம். இந்தச் சுற்றுவட்ட மலைத் தோட்டங்களுக்கு ஆண்டுதோறும் சில இளைஞர்கள் தொழில் பழக வருகிறார்கள். துரைமார் வழக்கில் அவர்களுக்குக் ‘கிரீப்பர்’ என்று பெயர். தொழிலாளருக்கோ வந்த அன்றே அவர்கள் சின்னத்துரைகள்தாம். அவர்கள் முதல் வாரத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் பல. அவற்றுள் கொழுந்து நிறுக்கும் இடத்திற் கேட்க வேண்டியவற்றை மட்டும் இங்கே சொல்லப் புகுந்தோம். ஏனெனில் ஒரு பெண்ணின் அன்றைய கூலி முடிவாவது அந்த இடத்திலேதான்.

முதற் கேள்வி தராசைப் பற்றியது. வெறுந் தராசு பூச்சியம் காட்டுகிறதா? தொழிற்சாலையில் உள்ள முத்திரையிட்ட 5 கிலோப் படிக்கல்லைத் தொங்கவிட்டால் 5 கிலோ காட்டுகிறதா? அடுத்து, வெறுஞ் சாக்கு ஒன்றைத் தராசில் மாட்டி, அதன் நிறை என்ன என்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். இதற்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

இரண்டாவது கேள்வி ஆட்களைப் பற்றியது. யார் நிறுக்கிறார், யார் எழுதுகிறார், எவ்வளவு கழிக்கிறார்? இதை முதலிற் கணக்கப்பிள்ளையிடம் கேட்பதைவிட, மலையில் மூத்த அம்மா ஒருவரிடம் மரியாதையாகக் கேட்பதே நன்று. நாம் அறிந்த ஒரு மலையில் இப்படி ஓர் உரையாடல் நிகழ்ந்தது.

“ஒவ்வொரு நிறுவைக்கும் எவ்வளவு கழிக்கிறார்கள், அம்மா?”

“ஒரு கிலோங்க, ஐயா. சாக்குக்கும் தண்ணிக்கும்.”

“வெயிலடிக்கும் நாளிலுமா?”

அந்த அம்மா கங்காணியைப் பார்த்தார். கங்காணி மலையைப் பார்த்தார்.

இதனால் விளைவது என்ன என்பதைக் கணக்கிட்டே பார்ப்போம். நாற்பது பெண்கள், நாளுக்கு மூன்று நிறுவை என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் பறித்தது சாக்குடன் 19.8 கிலோ. சாக்கின் மெய்யான நிறை 400 கிராம். மூன்று முறைக்கு 1.2 கிலோ. ஆகவே கொழுந்து 18.6 கிலோ. நிறுவைக்கு ஒரு கிலோ கழித்தாலோ ஏட்டில் ஏறுவது 16.8 கிலோதான். முழுப்பேருக்குரிய அளவு, அதாவது ‘நோர்ம்’, 18 கிலோவாக இருந்தால், அதை எட்டியவர் எட்டாதவராகிறார். முழுப்பேர் அரைப்பேராகவும் கூடும். நாற்பது பேருக்குமாகச் சேர்த்தால், ஏட்டில் ஏறாமற் போகும் கொழுந்து 72 கிலோ.

இதைச் சான்றுடன் அறிய ஒரு வழியுண்டு. அன்று மாலை மலை ஏட்டின் மொத்தத்தையும், தொழிற்சாலை வாசலில் எழுதிய வரவு நிறையையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கலாம். பறித்த கொழுந்து வழியிற் சிறிது வாடி நிறை குறையுமேயன்றிக் கூடாது. மேற்சொன்ன உதாரணத்தில் மலை ஏட்டில் 672 கிலோ. தொழிற்சாலையில் ஏறத்தாழ 735 கிலோ இருக்கும். இறங்கி வந்த கொழுந்து வழியில் வளர்ந்துவிட்டது என்று எவரும் சொல்லார்.

ஆனால் இந்தச் சோதனையை வெயில் நாளிலேயே செய்ய வேண்டும். மழை நாளிலும் பனி மூடிய காலையிலும் இலைமேல் மெய்யாகவே நீர் நிற்கும். அதற்குக் கழிப்பது நியாயமே. எவ்வளவு நீர் என்பதைத் தேயிலையே பின்னர் காட்டிவிடும். உலர்ந்த நாளில் நூறு கிலோக் கொழுந்து 21 அல்லது 22 கிலோத் தேயிலை தரும். நனைந்த கொழுந்தில் அது தெளிவாகக் குறையும். ஆதலால் கழிவு நாளுக்கு நாள் மாற வேண்டியது. மாறாத கழிவைக் கண்டால், அது நீருக்கான கழிவன்று என்று அறியலாம்.

மூன்றாவது கேள்வி எதிர்பார்ப்பைப் பற்றியது. இன்றைய நோர்ம் எந்த மலையை வைத்துத் தீர்மானிக்கப்பட்டது? இவ்வுயரத்தில் குளிரால் துளிர் மெல்லவே எழும். தைமாத உறைபனியில் கருகியும் போகும். அண்மையிற் கவ்வாத்து வெட்டிய மலையும், மூன்றாண்டு வளர்ந்த மலையும் ஒரே அளவு கொழுந்தைத் தரமாட்டா. எல்லா மலைக்கும் எல்லா மாதத்துக்கும் ஒரே எண்ணைச் சொன்னால், பறிப்பவர் எண்ணை எட்டுவதற்காக முற்றிய இலையையும் சேர்த்துப் பறிப்பார். பின்னர் தரம் கெட்டதென்று தொழிற்சாலையார் குறை சொல்வார்கள். அதற்கும் கழிவு விழும்.

இவற்றையெல்லாம் குறித்துக்கொண்ட இளைஞர், மலையில் நின்று எவரையும் பழிக்க வேண்டியதில்லை. கழிவைக் கணக்கப்பிள்ளை தாமாக வகுப்பது அரிது. மேலிருந்து வந்த வழக்கமாகவே அது இருக்கும். சனிக்கிழமை மாலை பெரியதுரையிடம் இரண்டு எண்களையும் காட்டி, ஒன்றே ஒன்று கேட்கலாம்: “சாக்கின் கழிவையும் நீரின் கழிவையும் தனித்தனியே பலகையில் எழுதி, தராசின் பக்கத்தில் மாட்டலாமா, சேர்?”

அதற்குக் கிடைக்கும் விடையிலிருந்து, அந்தத் தோட்டம் தம்மிடம் எதை எதிர்பார்க்கிறது என்பதையும் அவர் தெரிந்துகொள்வார்.