குளியலறைத் தரை: பள்ளமா, மேடா?

எங்கள் திருப்பூரில் வீடு கட்டுகிறவர்கள் சமையலறைக்கு என்ன கிரானைட், வாசலுக்கு என்ன தேக்கு என்று மாதக்கணக்கில் யோசிப்பார்கள். குளியலறைத் தரையைப் பள்ளமாக்குவதா, மேடாக்குவதா என்பதைக் கம்பி கட்டுகிற அன்றைக்கு, டீ குடிக்கிற நேரத்தில் முடிவு செய்வார்கள். பிறகு முப்பது வருடம் அந்த முடிவோடுதான் வாழ வேண்டும். சமீபத்தில் ஒரு கட்டடத்தில் இந்தக் கேள்வியை அளந்து பார்த்து முடிவு செய்தோம். வீடு கட்டுகிற வேறு சிலருக்கும் உதவும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் இரண்டும் என்ன என்று பார்த்துவிடலாம். சங்கன் ஸ்லாப் என்றால், குளியலறை வரும் இடத்தில் மட்டும் கான்கிரீட் தளத்தை ஒரு அடியோ ஒன்றரை அடியோ கீழே இறக்கித் தொட்டி மாதிரி போடுவது. குழாய்கள் அந்தப் பள்ளத்துக்குள் ஓடும். மேலே செங்கல் ஜல்லி நிரப்பி டைல்ஸ் ஒட்டினால், அறைத் தரையும் குளியலறைத் தரையும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். மேட்டுத் தரை இதற்கு நேர்மாறு. தளம் சமமாகவே இருக்கும். அதன் மேல் குழாயை வைத்து, சுற்றிலும் நிரப்பித் தரையை உயர்த்துவார்கள். குளியலறைக்குப் படி ஏறிப் போக வேண்டும்.

என்னிடம் படித்த ஒருவர் சங்கிலிப்பள்ளம் பக்கம் பவர்டேபிள் வைத்திருக்கிறார். பழைய ஓட்டுக் கட்டடம். ஓட்டைப் பிரித்துக் கான்கிரீட் தளம் போட்டு, கீழே தையலும் கட்டிங்கும், மேலே தானும் அம்மாவும் குடியிருக்க வீடும் என்று திட்டம். "சார், இன்ஜினியர் சங்கன் போடலாம்ங்கறார். மேஸ்திரி வேண்டவே வேண்டாம், ஒழுகும்ங்கறார். அடுத்த வாரம் கான்கிரீட்டுங்க. நீங்க ஒரு எட்டு வந்து பார்க்கணும்" என்றார். கான்கிரீட் போட்ட பிறகு பள்ளம் வேண்டுமென்றால் கிடைக்காது. அதனால் உடனே போனேன்.

அங்கே இருந்தது ஒரு கேள்வி அல்ல, இரண்டு. தரைத்தளத்தில் வேலை செய்கிறவர்களுக்கான கழிப்பறை ஒன்று. மாடியில் வீட்டுக் குளியலறை ஒன்று. கீழே பயப்பட வேண்டியது தெருவிலிருந்து திரும்பி வரும் சாக்கடைக்கு. மேலே பயப்பட வேண்டியது தளத்துக்குள் தங்கும் தண்ணீருக்கு. இன்ஜினியர் மாடியை நினைத்துப் பேசினார், மேஸ்திரியும் மாடியை நினைத்தே மறுத்தார். கீழ்த்தளத்தை யாரும் அளக்கவில்லை.

அதனால் கீழிருந்தே ஆரம்பித்தோம். ஒரு டியூப் மட்டத்தில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைத் தெருவிலுள்ள மேன்ஹோல் மூடியிலும் மறுமுனையைக் கழிப்பறையிலும் பிடித்தோம். கழிப்பறைத் தரை மூடியைவிட 4 அங்குலம் தாழ்வாக இருந்தது. கட்டியபோது அப்படி இருந்திருக்காது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டுப் போட்டு ரோடு உயர்ந்துவிட்டது. நம் ஊரில் பாதி பழைய வீடுகளுக்கு இதே கதைதான்.

இந்த 4 அங்குலத்துக்கு என்ன அர்த்தம்? ஒன்றோடொன்று இணைந்த குழாய்களில் தண்ணீர் எங்கும் ஒரே மட்டத்தில் நிற்கும் என்று எட்டாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். தெருக்குழாய் அடைத்துக்கொண்டாலோ, பெருமழையில் மழைநீர் அதில் புகுந்தாலோ, மேன்ஹோலுக்குள் தண்ணீர் ஏறும். மிகத் தாழ்வான திறப்பு எதுவோ அதன் வழியாகத்தான் முதலில் வெளியே வரும். இங்கே அது மேன்ஹோல் மூடி அல்ல, கழிப்பறையின் நாணி டிராப். ரோட்டில் ஒரு சொட்டு வருவதற்கு முன்பே கட்டிங் அறைக்குள் சாக்கடை வந்திருக்கும். வெஸ்டர்ன் கோப்பையின் விளிம்பு தரையிலிருந்து ஒன்றேகால் அடி உயரத்தில் இருப்பதால் அது கடைசியில்தான் பொங்கும். ஆகவே கோப்பை பொங்கவில்லை, சாக்கடை திரும்பவில்லை என்று நினைக்கக் கூடாது. நாணி டிராப்பில் கொப்புளம் விட்டுச் சத்தம் வருவதே முதல் அறிகுறி.

அடுத்து வாட்டம். 4 அங்குல மலக்குழாய்க்கு 40 அடி ஓட்டத்துக்கு 1 அடி சரிவு கொடுப்பது நல்ல வழக்கம். இந்தக் கழிப்பறை கட்டடத்தின் பின்கோடியில் இருக்கிறது. தெரு மேன்ஹோலுக்குச் சரியாக 40 அடி. ஆக 12 அங்குலம் வாட்டம் வேண்டும். மேன்ஹோலில் நம் குழாய் சேர வேண்டிய இடம் மூடியிலிருந்து 24 அங்குலம் கீழே. இப்போதுள்ள தரையைத் தோண்டிப் பள்ளத்தில் குழாய் வைத்தால் என்ன ஆகும்? தரை ஏற்கெனவே 4 அங்குலம் தாழ்வு. குழாயின் அடிமட்டம் தரைக்கு 12 அங்குலம் கீழே. அதோடு வாட்டம் 12. மொத்தம் 28. சேர வேண்டிய இடமோ 24-ல் இருக்கிறது. 4 அங்குலம் இடிக்கிறது. அப்படி இடிக்கும்போது பிளம்பர் வாட்டத்தைத்தான் குறைப்பார். தண்ணீர் முன்னால் ஓடிவிடும், கழிவு வழியில் தங்கிவிடும். இந்தியன் கோப்பை என்றால் அதன் அடியிலுள்ள டிராப்புக்காக இன்னும் அரை அடி ஆழம் கேட்கும். கணக்கு மேலும் மோசமாகும்.

அதே தரையை 10 அங்குலம் உயர்த்தினால், மூடியைவிட 6 அங்குலம் மேலே வரும். அங்கிருந்து 12 இறங்கினால் மூடிக்கு 6 அங்குலம் கீழே. வாட்டம் 12 சேர்த்தால் 18. இன்னும் 6 அங்குலம் கையிருப்பு. வெஸ்டர்ன் கோப்பை வைப்பது என்று முடிவானது. இனி தெருக்குழாய் அடைத்தால் முதலில் ரோட்டில்தான் வழியும், உள்ளே அல்ல. குழாய் மேலாக வருவதால் வண்டி நிறுத்தும் இடத்தில் அதைச் சுற்றிக் கான்கிரீட் போடச் சொன்னேன். இல்லாவிட்டால் துணிக்கட்டு ஏற்றிய வண்டி ஏறினாலே நசுங்கிவிடும்.

இதற்கும் எல்லை உண்டு. 2011 நவம்பரில் சங்கிலிப்பள்ளமும் ஜம்மனை ஓடையும் கரை மீறியது நமக்கெல்லாம் நினைவிருக்கும். ரோட்டிலேயே முழங்கால் வெள்ளம் ஓடும்போது 6 அங்குல மேடு ஒன்றும் செய்யாது. அதற்காக வீட்டுச் சேம்பரில் ஒருவழி வால்வு ஒன்று வைத்தோம். உள்ளே மடல் போன்ற மூடி இருக்கும். வெளியே போகும் தண்ணீருக்குத் திறக்கும், திரும்பி வருவதற்கு மூடிக்கொள்ளும். ஆனால் அது மூடியிருக்கும் நேரத்தில் நம் கழிவும் வெளியே போகாது, தண்ணீர் ஊற்றினால் நம் தரையிலேயே நிற்கும். மடலில் துணி, முடி சிக்கினால் மூடவும் மூடாது. மழைக்காலத்துக்கு முன் திறந்து கழுவ ஆள் இல்லையென்றால் அதை வைத்துப் பயனில்லை.

மாடிக்கு வருவோம். 8 அடிக்கு 5 அடி அறை. அதன் நேர் கீழே கட்டிங் மேசை. ஒரு அடி சங்கன் போட்டால் பள்ளத்தின் கொள்ளளவு 40 கன அடி. செங்கல் ஜல்லியின் இடுக்கில் மூன்றில் ஒரு பங்கு வெற்றிடம் என்று வைத்தால், 300 லிட்டருக்கு மேல் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கலாம். டைல்ஸ் இணைப்பில் தினம் ஒரு டம்ளர் இறங்கினாலும் தொட்டி மெல்ல நிறையும். அது வரை ஒன்றும் தெரியாது. பிறகு வெள்ளைத் துணி மேல் துருவும் சுண்ணாம்புமாகச் சொட்டும். மேஸ்திரியின் பயம் நியாயமானது.

ஆனால் மேட்டுத் தரையிலும் இறங்குகிற தண்ணீர் இறங்கத்தான் செய்யும். அது பக்கவாட்டில் வழிந்து பக்கத்து அறைச் சுவரின் அடியில் ஓதமாக வெளியே வரும். சீக்கிரம் தெரிந்துவிடும் என்பது அதன் நன்மை. நாணி டிராப் அடைத்தால் தண்ணீர் உயரத்திலிருந்து படுக்கையறைக்கு இறங்கும் என்பது அதன் தீமை. அதைவிடப் பெரிய தீமை, ஈரக் காலோடு இரவில் இறங்க வேண்டிய படி. அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. கீழே வேலைக்கு வருகிறவர்கள் கைப்பிடியைப் பிடித்து ஐந்து ஐந்து அங்குலமாக இரண்டு படி ஏறலாம். அம்மாவைப் படி ஏற்றக் கூடாது என்பதில் மூவரும் ஒத்துப்போனோம்.

ஆகவே மாடியில் பள்ளம்தான், ஆனால் ஆழத்தைக் குறைத்தோம். ஒரு அடி பள்ளம் கேட்பது கோப்பையின் 4 அங்குலக் குழாய்தான். கோப்பையை வெளிச்சுவருக்கு மாற்றி, பின்பக்கம் கழிவு போகும் வகையை வாங்கினால், தரைக்கு மேலே ஏறக்குறைய 7 அங்குல உயரத்தில் குழாய் நேராகச் சுவரைத் துளைத்து வெளியே போய்விடும். பள்ளத்துக்குள் மிச்சம் இருப்பது நாணி டிராப்பும் 3 அங்குலக் குழாயும் மட்டும். அதையும் வெளிச்சுவரை ஒட்டியே வைத்தால் 6 அங்குலம் போதும். நிரப்புகிற பாரமும் பாதி, ஒளிந்து நிற்கும் தண்ணீரும் பாதி.

இரண்டு வேலைகளைத் தவறாமல் செய்யச் சொன்னேன். நீர்த்தடுப்புப் பூச்சைச் சுவரில் ஒரு அடி உயரம் வரை ஏற்றிப் பூசி, காய்ந்த பிறகு, நிரப்புவதற்கு முன் பள்ளத்தில் தண்ணீர் விட்டு மட்டத்தைப் பென்சிலால் குறித்து இரண்டு நாள் வைக்க வேண்டும். கீழே நின்று சீலிங்கைப் பார்க்க வேண்டும். அடுத்தது, பள்ளத்தின் மிகத் தாழ்ந்த மூலையிலிருந்து 1 அங்குலக் குழாய் ஒன்றை வெளிச்சுவருக்கு வெளியே நீட்டிவிட வேண்டும். அதை எந்தச் சாக்கடைக் குழாயிலும் இணைக்கக் கூடாது. உள்ளே தண்ணீர் சேர்ந்தால் அது சொட்டும். துணி நனைவதற்கு முன் நமக்குத் தெரியும்.

ஏற்கெனவே சங்கன் போட்டு ஒழுகுகிறவர்கள் டைல்ஸை உடைப்பதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். நான்கு நாள் அந்தக் குளியலறையைப் பூட்டி வையுங்கள், அதற்குப் போகும் தண்ணீர் வால்வையும் மூடுங்கள். சொட்டு உடனே நின்றால் கோளாறு குழாயிலோ அதன் இணைப்பிலோ இருக்கும். வால்வை மட்டும் திறந்து வைத்தும் சொட்டினால் தண்ணீர் வரும் குழாய். திறந்தும் சொட்டாமல், கோப்பையில் நீலம் கரைத்து ஊற்றிய பிறகு நீலமாகச் சொட்டினால் கழிவுக் குழாய். பூட்டிய பிறகும் நாட்கணக்கில் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே சொட்டினால், அது பள்ளத்தில் தேங்கிய தண்ணீர். அப்போதுதான் தரையைத் தொட வேண்டும்.

புதிதாக மனையில் கட்டுகிறவர்களுக்கு இந்தச் சிக்கலே வேண்டாம். மேட்டைக் குளியலறைக்கு மட்டும் வைக்காமல் வீட்டுக்கே வையுங்கள். தெரு மேன்ஹோல் மூடியிலிருந்து மட்டம் எடுத்து, ரோடு இன்னும் ஓர் அடி உயரும் என்று நினைத்து அஸ்திவாரத்தை எழுப்புங்கள். வீட்டுக்குள் படியும் வராது, சாக்கடையும் வராது. டியூப் மட்டம் பிடிக்க இரண்டு பேரும் பத்து நிமிடமும் போதும். அதைக் கான்கிரீட்டுக்கு முன்னால் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.